குறைந்து வந்த 17,760 ரூபாய்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறைகள் நிறைய. கம்பெனி தன் செலவில் பவுண்டரியில் வார்த்த காஸ்டிங்கை அனுப்பும். பட்டறை அதைக் கடைந்து, துளை போட்டு, அளவுக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும். பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. அப்படி ஒரு பட்டறை, அதற்கு ஒரு பில் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். கணக்கு கற்பனைதான். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இதைச் சந்திக்கிறார்கள்.

பம்ப் கேசிங் 1,500 பீஸ், கூலி பீஸுக்கு 80 ரூபாய். மே 27, மே 30, ஜூன் 3 என்று மூன்று டி.சி. போட்டு, தடவைக்கு 500 பீஸாகச் சரக்கு போய்விட்டது. ஜூன் 5-ல் பில். கூலி 1,20,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 21,600, மொத்தம் 1,41,600 ரூபாய். ஜூலை 15 அன்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. வந்திருப்பது 1,22,640. கூடவே ஒரு வரி விளக்கம் கிடையாது.

இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை கோபப்படுவது இல்லை, டி.டி.எஸ்.ஸை ஒதுக்குவது. பட்டறை தனிநபர் பெயரில் இருந்தால் கம்பெனி கூலியில் 1 சதவீதம் வருமான வரிக்காகப் பிடிக்கும். கூட்டு நிறுவனமாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ இருந்தால் 2 சதவீதம். பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் வரியை விட்டுவிட்டுக் கூலிக்கு மட்டும்தான் பிடிப்பார்கள். நம் பட்டறை தனிநபருடையது. ஆகவே 1,200 ரூபாய் டி.டி.எஸ். அது காணாமல் போன பணம் இல்லை, நம் பான் எண்ணில் வரவாகிவிடும். ஆக, கைக்கு வந்திருக்க வேண்டியது 1,40,400. குறைவது 17,760.

இதைச் செய்யாமல் "பத்தொன்பதாயிரம் குறைச்சுட்டீங்களே" என்று போனில் சண்டை போட்டால், அந்தப் பக்கம் இருப்பவர் "அதுல டி.டி.எஸ். இருக்குங்க" என்று ஒரே வார்த்தையில் நம்மை உட்கார வைத்துவிடுவார். மிச்சத்தைப் பற்றிப் பேச்சே எழாது.

இனி இரண்டாவது தப்பு. பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். பேசாமல் இருந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் போனில் மட்டும் கேட்பார்கள். அந்தப் போன் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சார், வணக்கமுங்க. ஜூன் பில்லுக்குப் பணம் கொஞ்சம் கொறஞ்சு வந்திருக்குதுங்க."

"அது குவாலிட்டி கட் போட்டிருக்காங்க அண்ணா. எனக்கு டீட்டெயில் தெரியாதுங்க. பர்ச்சேஸ்ல கேளுங்க."

பர்ச்சேஸில் கேட்டால், "அடுத்த பில்லுல பாத்துக்கலாம் விடுங்க. ஆர்டர் தொடர்ந்து வருதில்ல?"

"அடுத்த பில்லில் பார்த்துக்கலாம்" என்பதில் ஆறுதல் இருக்கிறது, பணம் இல்லை. கம்பெனியின் கணக்கில் அன்றைக்கே நம் பில்லுக்கு எதிரே நிலுவை பூஜ்யம் என்று ஆகிவிட்டது. நம் ஏட்டில் மட்டும்தான் அந்த 17,760 பாக்கியாக நிற்கிறது. மூன்று மாதம் போனால் கழித்தவருக்கே எதற்குக் கழித்தோம் என்பது மறந்துபோகும். அவர் வேலை மாறிப் போயிருந்தால் கேட்கவே ஆள் இல்லை. போனில் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசிவிட்டு, பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிவிட வேண்டும். பணம் வந்த நாளோ மறுநாளோ அந்த மின்னஞ்சல் போய்விட வேண்டும். அக்கவுண்ட்ஸுக்கு முகவரியிட்டு, பர்ச்சேஸுக்கும் குவாலிட்டிக்கும் நகல் வைக்க வேண்டும். கழிப்பது அக்கவுண்ட்ஸ், கழிக்கச் சொன்னது குவாலிட்டி, நமக்கு ஆர்டர் கொடுத்தது பர்ச்சேஸ். மூவரில் ஒருவரை விட்டாலும் மற்ற இருவரும் அவரைக் கைகாட்டிவிடுவார்கள்.

என்ன எழுதலாம்? ஏறக்குறைய இப்படி:

"ஐயா, வணக்கம். ஜூன் 5 தேதியிட்ட எங்கள் பில்லுக்கு ஜூலை 15 அன்று 1,22,640 ரூபாய் வரவு வந்தது, நன்றி. பில் தொகை 1,41,600. அதில் டி.டி.எஸ். 1,200 போக வர வேண்டியது 1,40,400. 17,760 ரூபாய் குறைகிறது. இதற்கான டெபிட் நோட்டோ விவரமோ எங்களுக்கு வரவில்லை. வந்த தொகையை இந்தப் பில்லின் ஒரு பகுதியாக மட்டுமே வரவு வைத்திருக்கிறோம், பில் முழுதும் தீர்ந்ததாக வைக்கவில்லை. கழிவு ரிஜெக்‌ஷனுக்காக என்றால், எந்த டி.சி.யில் எத்தனை பீஸ், என்ன குறை, சோதித்த தேதி, பீஸுக்குப் போட்ட விலை ஆகியவற்றைத் தெரிவிக்கவும். அந்தப் பீஸ்களை நாங்கள் வந்து பார்க்கும் வரை தனியே எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஜூலை 22-க்குள் விவரம் தந்தால் எங்கள் பக்கத்துத் தவறுக்கு உடனே கிரெடிட் நோட் போட்டு அனுப்புகிறோம். மீதித் தொகையை அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துத் தரவும்."

இதில் "அநியாயம்", "ஏமாற்று", "எங்களைப் போன்ற சிறு தொழில்" எதுவும் இல்லை. வீட்டுக் கஷ்டமும் இல்லை. கஷ்டத்தைச் சொன்னால் பணம் நம் உரிமை என்பது போய், அவர்கள் தயவு என்று ஆகிவிடும். இரண்டு இடங்களில் மட்டும் சொல்லை அளந்து போட வேண்டும்.

ஒன்று, "பில்லின் ஒரு பகுதியாக மட்டுமே வரவு" என்பது. குறைந்து வந்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால், சம்மதித்துத்தான் வாங்கினீர்கள் என்று பின்னால் வாதிட இடம் உண்டு. வர வேண்டியதில் குறைத்து வாங்கிக்கொண்டு தீர்த்துக்கொள்ள 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கடன் கொடுத்தவரை அனுமதிக்கிறது. நாம் அப்படித் தீர்த்துக்கொள்ளவில்லை என்பதை எழுத்தில் வைக்க இந்த ஒரு வரி போதும். சில கம்பெனிகள் பணம் போடும்போதே "முழுத் தீர்வு" என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டபின் என்ன எழுதியும் பெரிதாகப் பயன் இல்லை.

இன்னொன்று, பீஸ்களைத் தனியே வைக்கச் சொல்வது. பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். கடிதத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். ரிஜெக்ட் ஆன காஸ்டிங் ஸ்கிராப்பாகப் பவுண்டரிக்குத் திரும்பிப் போய், மறுபடி உலையில் உருகி, வேறு காஸ்டிங்காகிவிடும். அதற்குப் பிறகு 48 பீஸ் என்றாலும் 148 பீஸ் என்றாலும் நாம் எதைப் பார்த்து மறுப்பது?

நம் கதையில் குவாலிட்டியிலிருந்து பதில் வருகிறது. 48 பீஸ் ரிஜெக்ட். பீஸுக்குக் காஸ்டிங் விலை 290, கூலி 80, ஆக 370. 48-ஐ 370-ஆல் பெருக்கினால் 17,760. கணக்கு ரூபாய் பிசகாமல் இடிக்கிறது. நிறையப் பேர் இந்த இடத்தில் "சரிதான், பெருக்கல் சரியாக வருகிறதே" என்று அடங்கிவிடுவார்கள். சரியாக இருப்பது பெருக்கல் மட்டும்தான். 48 பீஸும் யாரால் கெட்டன என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜாப் ஒர்க்கில் ரிஜெக்‌ஷன் இரண்டு வகை. பட்டறையில் எல்லோரும் சி.ஆர்., எம்.ஆர். என்பார்கள். காஸ்டிங்கிலேயே குறை இருந்து கெட்டது சி.ஆர்., மெஷின் வேலையில் கெட்டது எம்.ஆர். வார்க்கும்போது காற்று சிக்கிக்கொண்டால் உள்ளே குமிழ் நின்றுவிடும். அதுதான் புளோ ஹோல். வெளித்தோலில் அது தெரியாது. இரண்டு மில்லிமீட்டர் கடைந்த பிறகே திறந்து காட்டும். உருண்டையாக, உள்சுவர் வழவழவென்று இருக்கும் அந்தக் குழி எந்த டூலும் போட்டதில்லை. மணல் ஒட்டிக்கொண்டு வரும் குழியும் அப்படித்தான். ஆனால் போர் அளவு பெரிதாகிப் போயிருந்தால், அதாவது பிளக் கேஜின் நோ-கோ முனை தடையில்லாமல் உள்ளே போனால், அது நம் கணக்கு. டூலின் ஆஃப்செட் தவறினால் யாராவது கவனித்து நிறுத்தும் வரை வரிசையாகப் பத்து இருபது பீஸ் இப்படிப் போகும்.

பட்டறைக்காரர் நேரில் போய்ப் பார்க்கிறார். கையோடு தன் கேஜையும் அதன் அளவுச் சான்றையும் எடுத்துப் போகிறார். இரண்டு பக்கக் கேஜும் ஒத்துப்போகாமல் வந்த சண்டைகளும் உண்டு. 48-ல் 17 பீஸில் போர் பெரிது, மறுப்பதற்கில்லை. மீதி 31-ல் புளோ ஹோல். அந்த 31-ம் மே 30 டி.சி.யில் போனவை. காஸ்டிங்கில் போட்டிருக்கும் ஹீட் நம்பரைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே எண். ஒரே வார்ப்பில் வந்த சரக்கு மட்டும் கெட்டிருந்தால் விரல் பவுண்டரியை நோக்கித்தான் போகும். போனில் படம் எடுத்துக்கொள்கிறார். குவாலிட்டிக்காரர் பெயரோடும் தேதியோடும் எண்ணிக்கையைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறார்கள்.

இப்போது இரண்டாவது கடிதம். நம் தவறை முதலில் ஒப்புக்கொள்வது இதில் நல்ல தந்திரமும்கூட. "17 பீஸ் எங்கள் மெஷினிங் குறை. காஸ்டிங் விலை 4,930-ஐ ஏற்கிறோம். கூலி 1,360-க்கும் அதன் ஜி.எஸ்.டி. 244.80-க்கும் கிரெடிட் நோட் இத்துடன்." இந்த 244.80 அவர்கள் கழிக்காதது. கூலியை மட்டும் வெட்டிவிட்டு வரியை மறந்துபோனார்கள். அதை நாமே எடுத்துச் சொல்லிவிட்டால், அடுத்து நாம் கேட்பதைக் கணக்குத் தெரிந்தவன் கேட்பதாக எடுத்துக்கொள்வார்கள். ஏற்றது மொத்தம் 6,534.80.

இதே கடிதத்தில் இன்னொன்றையும் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு. 290 ரூபாய் முழுசாக நம்மிடம் கழித்துவிட்டால் அந்தக் காஸ்டிங் யாருடையது? கம்பெனி அதை ஸ்கிராப்பாகப் போட்டு அதிலும் காசு பார்க்கிறது. அதனால் "அந்த 17 பீஸைத் திருப்பித் தரவும், அல்லது ஸ்கிராப் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் பிடிக்கவும்" என்பது நியாயமான கோரிக்கை.

மறுக்கும் பகுதியில் இரண்டு தனித்தனித் தொகை இருக்கிறது. 31 பீஸின் காஸ்டிங் விலை 8,990. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. பவுண்டரி செய்த குறைக்குக் கடைந்து கொடுத்தவர் விலை கொடுப்பது எந்தக் கணக்கு? கம்பெனி அதைப் பவுண்டரியிடம் வசூலித்துக்கொள்ளலாம். பல கம்பெனிகள் பவுண்டரியிடமும் வாங்கி, பட்டறையிடமும் வெட்டி இரண்டு பக்கமும் வரவு வைப்பதாக ஊரில் பேச்சு உண்டு. நிரூபிக்க முடியாததைக் கடிதத்தில் எழுதக் கூடாது. "இந்த ஹீட் நம்பருக்குப் பவுண்டரிக்கு டெபிட் போட்டிருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வியாகக் கேட்டுவைக்கலாம்.

மற்றது 31 பீஸின் கூலி, 2,480. இங்கே நிலைமை அவ்வளவு கெட்டியாக இல்லை. நாம் வேலை செய்துவிட்டோம். டூல் தேய்ந்தது, கரண்ட் போனது. ஆனால் சி.ஆர். பீஸுக்குக் கூலி உண்டா என்பதை பி.ஓ.வில் எழுதாமல் விட்டிருந்தால், கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். முழுதும் கொடுப்பவர் உண்டு, குழி தெரிந்த ஆபரேஷன் வரைக்கும் கொடுப்பவர் உண்டு, ஒன்றும் கொடுக்காதவரும் உண்டு. கடிதத்தில் முழுதாகக் கேட்டுவிட்டு, நேரில் பேசும்போது பாதியில் முடித்துக்கொள்வதில் தப்பில்லை. 8,990-ஐக் காப்பாற்ற இந்த 2,480 உதவும் என்றால் இன்னும் நல்லது.

சட்டத்தை எப்போது எடுப்பது? முதல் கடிதத்தில் வேண்டாம். விவரம் கேட்கும்போதே சட்டப் பிரிவைச் சொன்னால் கோப்பு குவாலிட்டியை விட்டு வக்கீல் மேசைக்குப் போய்விடும். இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவதில் எடுக்கலாம். அப்போது 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் கை கொடுக்கும். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சேர்ந்த அன்றைக்கே ஏற்றுக்கொண்டதாக அந்தச் சட்டம் வைத்துக்கொள்கிறது. செய்துகொடுத்த வேலைக்கும் இதே கணக்குதான். நம் கடைசி டி.சி. ஜூன் 3. ஜூன் 18 வரை ஒரு வரி ஆட்சேபமும் வரவில்லை. பணம் கொடுக்கும் கெடுவை எவ்வளவு நீட்டி எழுதியிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டிக்கொண்டு போகும் கூட்டு வட்டி.

இதைக் கேட்டதும் சிலர் "15 நாள் போச்சு, இனி ஒரு பீஸ்கூடக் கழிக்க முடியாது" என்று துள்ளுவார்கள். அவ்வளவு தூரம் போகக் கூடாது. அந்த 15 நாள் பணம் எப்போது கொடுக்க வேண்டும் என்று கணக்கிடத்தான். தரக்குறை இருந்தது என்று கம்பெனி எதிர்க்கோரிக்கை வைக்கும் வழியை அது அடைத்துவிடாது. ஆனால் ஆறு வாரம் எழுத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பணம் கொடுக்கும் அன்றைக்குக் குறை கண்டுபிடித்தவரின் பேச்சு எடுபடுவது கஷ்டம். நாம் கேட்க வேண்டியதும் அந்த அளவுதான்: "ஜூன் 18-க்குள் எழுத்தில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்."

உதயம் பதிவு இருக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கே இந்த வழி. பதிவு வேலை எடுப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு அது பயன்படுமா என்பதிலேயே வழக்கு நடக்கும். உதயம் எண்ணைப் பில்லின் தலையிலேயே அச்சடித்துவிடுவது நல்லது. பிரச்சினை முற்றினால் வசதியாக்க கவுன்சிலிடம் மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கோவையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் 11,225 ரூபாய்க்காக வருஷக்கணக்கில் ஒரு கம்பெனியோடு மல்லுக்கட்டுவது புத்திசாலித்தனமா என்றால், என் கணிப்பில் இல்லை. ஒரு வருஷத்தில் எல்லாப் பில்லிலுமாகக் கழித்தது எவ்வளவு என்று தனி ஏட்டில் எழுதி வைத்தால், லட்சத்தைத் தொடும்போது அந்த ஏடே பதில் சொல்லும்.

கம்பெனியின் அக்கவுண்ட்ஸுக்குச் சட்ட மிரட்டலைவிட உறைக்கும் செய்தி ஒன்று உண்டு. நம் பில்லில் இருந்த 21,600 ரூபாய் ஜி.எஸ்.டி.யை அவர்கள் உள்ளீட்டு வரி வரவாக முழுசாக எடுத்திருப்பார்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பில் தொகையையும் வரியையும் கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்குரிய வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அவர்கள் போடும் டெபிட் நோட் இதை மாற்றாது. நாம் கிரெடிட் நோட் போட்டால்தான் வரி குறையும். அதனால் பேச்சு முடியும் முன்பே அவசரப்பட்டு முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. நம் கையில் இருக்கும் நல்ல சீட்டு அது ஒன்றுதான். அதற்கும் கெடு உண்டு. பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டாவிட்டால் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு மார்ச் மாதம் கோட்டை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வருஷக் கடைசியில் கம்பெனியின் ஆடிட்டருக்காக "எங்கள் கணக்கில் உங்கள் நிலுவை இவ்வளவு, இத்தனை நாளில் பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வோம்" என்று ஒரு தாள் வரும். அதில் கழித்தது போக மிச்சம்தான் இருக்கும். அதையும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எட்டு மாதமாக எழுதிய கடிதங்களுக்கு அந்த ஒரு கையெழுத்து எதிர்ச்சாட்சியாகிவிடும். எழுத வேண்டிய பதில் சின்னது: "உங்கள் தொகையோடு எங்கள் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஜூன் 5 பில்லில் 11,225.20 ரூபாய் கூடுதலாக வர வேண்டியிருக்கிறது, கடிதங்களின் நகல் இணைப்பில்." அந்தக் கம்பெனியே கையெழுத்திட்ட தாளில் பாக்கியை ஒத்துக்கொண்டால், வழக்குப் போடும் மூன்று வருஷக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். ஆகவே அவர்களிடமிருந்து வரும் ஒவ்வொரு "பார்க்கிறோம், தருகிறோம்" மின்னஞ்சலையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

"இப்படியெல்லாம் எழுதினால் ஆர்டர் போய்விடாதா?" என்ற பயம் பொய்யில்லை. ஒரே கம்பெனியை நம்பி மெஷின் வாங்கியவருக்கு அது நிஜம். ஆனால் பெரிய கம்பெனிகளில் கழிப்பவருக்கும் நமக்கும் தனிப்பட்ட பகை எதுவும் இருப்பதில்லை. யார் கேட்க மாட்டார்களோ அங்கே வெட்டு விழும். விவரம் கேட்டு வரும் மரியாதையான மின்னஞ்சல் அவர்களுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். அடுத்த முறை வெட்டும் முன் டெபிட் நோட் தயாராக இருக்கிறதா என்று பார்க்க அதுவே வைத்துவிடும். மிரட்டலும் அழுகையும்தான் உறவைக் கெடுக்கின்றன.

பேசி முடிந்த கையோடு அடுத்த பி.ஓ.வில் நான்கு வரி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சி.ஆர். பீஸுக்குக் கூலி எவ்வளவு, எம்.ஆர். எத்தனை சதவீதம் வரை பொறுப்பார்கள், ரிஜெக்ட் பீஸை எத்தனை நாளுக்குள் டி.சி. போட்டுத் திருப்ப வேண்டும், டெபிட் நோட் அனுப்பி எத்தனை நாள் கழித்துத்தான் பணத்தில் பிடிக்கலாம். ரேட்டில் ஐம்பது காசு கூட்டிக் கேட்பதைவிட இந்த நான்கு வரிகளைக் கேட்பது சுலபம். பர்ச்சேஸ்காரருக்கு இதில் கைக்காசு எதுவும் போவதில்லை.